இறுதிப் போட்டி முன்னோட்டம் எழுதுவது எப்படி: நேருக்கு நேர் பட்டியலைத் தாண்டி

இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள் வெளிவரும் முன்னோட்டங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும். இதுவரை எத்தனை முறை மோதினார்கள், யார் எத்தனை வென்றார்கள், அதிக ரன் யார், அதிக விக்கெட் யார், கடைசியில் "விறுவிறுப்புக்குப் பஞ்சமிருக்காது" என்று ஒரு வரி. அணிகளின் பெயரை மாற்றினால் அதே கட்டுரையை அடுத்த வருடமும் போடலாம்.

இதைத் தவிர்க்க என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே ஒரு போட்டியை வைத்துச் சொல்கிறேன். 2024 ஜூன் 29, பார்படாஸின் பிரிட்ஜ்டவுன், டி20 உலகக் கோப்பை இறுதி, இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். முடிவு நம் எல்லோருக்கும் தெரியும் என்பதால், ஜூன் 28 அன்று எழுதியிருக்க வேண்டியது எது, கூடாதது எது என்று பின்னோக்கிப் பார்த்துச் சரிபார்க்க வசதியான ஆட்டம். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## 1. முதலில் இரண்டு அணிகளும் வந்த வழியைக் குறித்துக்கொள்ளுங்கள்

எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியது ஒரு பக்கக் குறிப்பு. ஒவ்வொரு அணிக்கும், இந்தத் தொடரில் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே ஒரு வரி. ஸ்கோரை எழுதினால் போதாது. ஆட்டம் எந்த இடத்தில், யாரால் திரும்பியது என்பதுதான் அந்த வரியில் வர வேண்டும்.

தென்னாப்பிரிக்காவுக்கு இதைச் செய்து பாருங்கள். நியூயார்க்கில் வங்கதேசத்தை 4 ரன்னில் வென்றார்கள். கடைசி ஓவரை வீசியது சுழல் பந்து வீச்சாளர் கேசவ் மகராஜ். கிங்ஸ்டவுனில் நேபாளத்தை 1 ரன்னில் வென்றார்கள். கடைசிப் பந்தில் 2 ரன் தேவைப்பட்ட நேபாளம், ஆட்டத்தைச் சமன் செய்ய ஓடிய ஒற்றை ரன்னில் ரன் அவுட் ஆனது. இங்கிலாந்தை 7 ரன்னில் வென்றார்கள். கடைசி ஓவரில் ஹாரி புரூக் தூக்கி அடித்த பந்தைக் கேப்டன் மார்க்ரம் பின்னோக்கி ஓடிப் பிடித்தார். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக மழைக்குப் பின் மாற்றப்பட்ட இலக்கைத் துரத்தியபோது, கடைசி ஓவரின் முதல் பந்தில் மார்கோ யான்சன் சிக்ஸர் அடித்து முடித்தார்.

நான்கு வரி எழுதியதுமே ஒரு விஷயம் கண்ணில் படும். இந்த அணி நெருக்கடியான ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே வந்திருக்கிறது. "8 ஆட்டங்களில் 8 வெற்றி" என்ற எண் இதைச் சொல்லாது. அந்த எண்ணைப் பார்ப்பவர் எதிரணிகளை ஊதித் தள்ளிவிட்டு வந்த அணி என்றுதான் நினைப்பார்.

இந்தக் குறிப்பை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் தலைப்பை டைப் செய்துவிட்டு, அடுத்த வரிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் புள்ளிவிவரத் தளத்தைத் திறக்கிறார்கள். அங்கே முதலில் கிடைப்பது நேருக்கு நேர் பட்டியல். அது கைக்கு வந்ததும் கட்டுரையின் முதல் பத்தி அதுவாகவே ஆகிவிடும், மிச்சமும் அதன் பின்னாலேயே போகும்.

கூடவே இன்னொரு குறிப்பும் வேண்டும்: இந்த இரண்டு அணிகளும் கடைசியாகக் கோப்பையைத் தவறவிட்ட ஆட்டங்கள், அந்த ஆட்டத்தில் களத்தில் இருந்தவர்களில் இப்போதும் அணியில் இருப்பவர்கள் யார். இந்தப் பெயர்ப் பட்டியல்தான் மூன்றாவது படியில் வேலை செய்யப்போகிறது. அதனால் நினைவிலிருந்து எழுத வேண்டாம். பழைய ஸ்கோர்கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள்.

## 2. எண்களைச் சலித்து எடுங்கள்

எண்ணே கூடாது என்று சொல்லவில்லை. செத்த எண்ணையும் உயிருள்ள எண்ணையும் பிரிக்க வேண்டும். அதற்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த எண் தெரிந்திருப்பதால் நாளை களத்தில் யாராவது தன் முடிவை மாற்றிக்கொள்வாரா?

இந்த இறுதிக்கு முன் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் டி20 ஆட்டங்களில் 26 முறை மோதியிருந்தன. இந்தியா 14, தென்னாப்பிரிக்கா 11, ஒன்று முடிவில்லை. கேள்வியைப் போட்டுப் பாருங்கள். இந்த எண்ணிக்கையில் டர்பனில் 2007இல் நடந்த உலகக் கோப்பை ஆட்டமும் இருக்கிறது, முழு பலம் இல்லாத அணிகளோடு ஆடிய இருதரப்புத் தொடர்களும் இருக்கின்றன. 14-11 என்பதை வைத்து ரோஹித் சர்மா டாஸில் என்ன முடிவெடுப்பார்? ஒன்றும் எடுக்க மாட்டார். தள்ளிவிடலாம்.

அடுத்து, விராட் கோலி. இந்தத் தொடரில் இறுதிக்கு முன் 7 இன்னிங்ஸில் 75 ரன். இது உயிருள்ள எண். ஏனென்றால் ஒரு முடிவு இதில் தொங்குகிறது. தொடக்கத்தில் இறங்கி அடித்து ஆடப்போய்த்தான் அவர் அவுட் ஆகிக்கொண்டிருந்தார். இறுதியிலும் அதே வேகமா, பழைய கோலியாக நின்று ஆடுவதா? அரையிறுதி முடிந்ததும் ரோஹித்திடம் இதைக் கேட்டார்கள். கோலி இறுதிக்காகச் சேர்த்து வைத்திருக்கலாம் என்கிற மாதிரி பதில் சொன்னார். அதாவது, ஆளை மாற்றும் எண்ணம் இல்லை. எண், அதை ஒட்டி எடுக்கப்பட்ட முடிவு, அந்த முடிவால் வரும் ஆபத்து என்று மூன்றும் சேர்ந்து இருக்கிறது. ஒரு பத்தி தாராளமாக எழுதலாம்.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறேன், இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். 2023 நவம்பர் 19, அகமதாபாத், 50 ஓவர் உலகக் கோப்பை இறுதி. ரோஹித் 31 பந்தில் 47 அடித்துவிட்டுப் போனார். முதல் 10 ஓவர் முடிந்த பிறகு மிச்சமிருந்த 40 ஓவர்களில் இந்தியா அடித்தது வெறும் 4 பவுண்டரி. 240க்கு ஆட்டமிழந்தது. ஏழு மாதம் பழைய எண், அதுவும் வேறு வடிவ ஆட்டத்தின் எண். ஆனால் அது செத்துப்போகவில்லை. இந்திய அணி அதற்குப் பின் ஆட்டத்தை மாற்றியதற்கும், 2024 தொடரில் இடையில் விக்கெட் விழுந்தாலும் வேகத்தைக் குறைக்காமல் ஆடப் பார்த்ததற்கும் பின்னால் அந்த மாதிரி முடக்கத்தின் நினைவு இருந்தது என்று நினைக்க இடமுண்டு. எண்ணின் வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நேற்றைய எண்ணும் உதவாததாக இருக்கலாம்.

சலித்தபின் மூன்று நான்கு எண்கள் மிஞ்சினால் போதும். பத்து மிஞ்சினால் நீங்கள் சலிக்கவில்லை என்று அர்த்தம்.

## 3. கதைகளிலும் பழையது உண்டு, அதையும் சலியுங்கள்

இதுதான் இந்த வேலையின் முக்கியமான படி, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"எண்ணை விட்டுக் கதையை எழுது" என்று சொன்னதும் புதியவர்கள் எடுப்பது, ஏற்கனவே எல்லோர் வாயிலும் இருக்கும் கதையை. தென்னாப்பிரிக்கா என்றால் "முக்கியமான நேரத்தில் சொதப்பும் அணி". உடனே 1992 சிட்னியில் மழைக்குப் பின் ஒரே பந்தில் 21 ரன் தேவைப்பட்டது வரும். 1999 எட்ஜ்பாஸ்டனில் ஆலன் டொனால்ட் ரன் அவுட் ஆனது வரும். 2015 ஆக்லாந்தில் கிராண்ட் எலியட் அடித்த சிக்ஸர் வரும். நேருக்கு நேர் பட்டியலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அது எண்களின் பட்டியல், இது கண்ணீரின் பட்டியல்.

முதல் படியில் எடுத்த பெயர்க் குறிப்பை இங்கே வெளியே எடுங்கள். 1992, 1999 ஆட்டங்களில் ஆடியவர்கள் யாரும் பிரிட்ஜ்டவுனில் களமிறங்கப்போவதில்லை. 2015 ஆக்லாந்து அரையிறுதியில் ஆடியவர்களில் டி காக்கும் மில்லரும் மட்டும் இருக்கிறார்கள். ஆனால் 2023 நவம்பர் 16, கொல்கத்தா ஈடன் கார்டன், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதி? 2024 தொடரின் அரையிறுதியில் ஆப்கானிஸ்தானைச் சுருட்டிய அணியே இறுதியிலும் இறங்கும் என்று வைத்துக்கொண்டால், டி காக், மார்க்ரம், கிளாசன், மில்லர், யான்சன், மகராஜ், ரபாடா, ஷம்சி என்று 11 பேரில் 8 பேர் கொல்கத்தாவில் ஆடியவர்கள். அன்று 24 ரன்னுக்குள் 4 விக்கெட் போயின. மில்லர் 101 அடித்தும் 212தான் வந்தது. ஆஸ்திரேலியா 3 விக்கெட் மீதம் வைத்து ஜெயித்தது.

ஆக, 1999 இந்த அணியின் கதை அல்ல, அது ரசிகர்களின் கதை. கொல்கத்தாதான் இவர்களுடையது. யார் அந்த இடத்தில் நின்றார்களோ அவர்களுக்குத்தான் அந்தத் தோல்வி சொந்தம் என்பது நல்ல அளவுகோல்.

இப்போது இந்தியக் குறிப்பைப் பக்கத்தில் வையுங்கள். கொல்கத்தாவுக்கு மூன்று நாள் கழித்து, அதே ஆஸ்திரேலியாவிடம், அகமதாபாத்தில் தோல்வி. ரோஹித், கோலி, சூர்யகுமார், ஜடேஜா, குல்தீப், பும்ரா என்று 6 பேர் அங்கே ஆடியவர்கள். ஹர்திக் பாண்டியா கணுக்கால் காயத்தால் அந்த ஆட்டத்தில் இல்லை.

கதை கிடைத்துவிட்டது. ஒரே வாரத்தில் ஒரே அணியிடம் தோற்ற இரண்டு அணிகள் ஏழு மாதம் கழித்து எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றுக்குத்தான் அந்த வாரம் தீரும். இரண்டு பக்கமும் ஒரே கதையில் அடங்குகிறது என்பது இதன் பெரிய வசதி. "இந்தியாவின் 11 ஆண்டு தாகம்" என்று எடுத்தால் தென்னாப்பிரிக்கா வெறும் எதிரணியாகிவிடும். "தென்னாப்பிரிக்காவின் முதல் இறுதி" என்று எடுத்தால் இந்தியா வில்லனாகிவிடும். இறுதி முன்னோட்டத்துக்கு இரண்டு அணிகளையும் உள்ளே வைக்கும் கதைதான் வேண்டும், ஏனென்றால் யார் ஜெயித்தாலும் மறுநாள் அந்தக் கதைக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும்.

மற்ற கதைகளை என்ன செய்வது? விபத்தில் இருந்து மீண்டு வந்த ரிஷப் பந்த் பெரிய கதைதான். ஆனால் தொடர் தொடங்கிய நாளிலிருந்து எல்லோரும் எழுதிவிட்டார்கள், இறுதியின் முடிவும் அதை மாற்றாது. ஒரு வரி போதும். ஒரு முன்னோட்டத்தில் மூலக்கதை ஒன்றுதான் இருக்க முடியும். நான்கு கதைகளுக்குச் சம இடம் கொடுத்தால் வாசகர் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று தெரியாமல் போய்விடுவார்.

## 4. என்ன பணயம் என்பதை ஆட்களின் மேல் வையுங்கள்

"கோப்பை யாருக்கு?" என்பது பணயம் அல்ல. எல்லா இறுதியிலும் அதேதான். தோற்றால் யாருக்கு எது திரும்பக் கிடைக்காது என்று கேளுங்கள்.

ராகுல் டிராவிட்டை எடுத்துக்கொள்வோம். 2007இல் இதே கரீபியன் தீவுகளில் நடந்த 50 ஓவர் உலகக் கோப்பையில் அவர் கேப்டன். டிரினிடாடில் வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று, முதல் சுற்றோடு இந்தியா வெளியேறியது. 2024இல் அவர் பயிற்சியாளர், பதவிக்காலம் இந்தத் தொடரோடு முடிகிறது. அகமதாபாத்திலும் அவர்தான் இருந்தார். ஆக, இந்திய அணியோடு இந்தப் பொறுப்பில் அவருக்கு இது கடைசி ஆட்டம். இதில் தேதியும் இருக்கிறது, இடமும் இருக்கிறது, திரும்ப வராத வாய்ப்பும் இருக்கிறது.

இங்கேதான் ஒரு பொறி. அப்போது "டிராவிட்டுக்காக ஜெயியுங்கள்" என்று ஒரு பிரசாரம் ஓடியது. அவரோ, யாருக்காகவோ ஜெயிப்பது என்பதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் அந்தச் சொற்றொடரை முன்னோட்டத்தில் போட்டால், கதைக்கு உரியவரே மறுத்த உணர்ச்சியை நீங்கள் அவர் மேல் ஒட்டுகிறீர்கள். 2007ஐயும் 2024ஐயும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வைத்தாலே போதும், மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொள்வார். அவர் மறுத்ததையும் சேர்த்தே எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும். அந்த மறுப்பு அந்த மனிதரை நன்றாகக் காட்டுகிறது.

எதிர்ப்பக்கம் மார்க்ரம். 2014இல் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை தென்னாப்பிரிக்காவுக்கு வென்று கொடுத்த கேப்டன் அவர், ரபாடாவும் அந்த அணியில் இருந்தார். அதற்கு முன் தென்னாப்பிரிக்க சீனியர் ஆண்கள் அணி எந்த உலகக் கோப்பை இறுதிக்கும் வந்ததில்லை என்ற தகவலோடு இதைச் சேர்த்து வையுங்கள். உலகக் கோப்பை ஒன்றைத் தூக்கிப் பழக்கப்பட்ட ஒருவரின் கையில்தான் அணி இருக்கிறது என்று வாசகருக்குப் புரியும். "சொதப்பும் அணி" என்ற பட்டத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஒரு பக்கத்துக்கு ஒருவர் போதும். "கனவு", "கண்ணீர்", "தவம்" போன்ற சொற்கள் வரும்போது உங்களிடம் தகவல் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எழுதவே எழுதாதீர்கள். அவர் சொன்னது, செய்தது, ஆடிய ஆட்டம் இவ்வளவுதான் நம்மிடம் இருக்கிறது.

## 5. கதையைக் களத்தில் ஒரு கட்டத்தோடு முடிச்சுப் போடுங்கள்

உணர்ச்சிகரமாகத் தொடங்கி, பாதியில் "பலம், பலவீனம்" என்று வேறு கட்டுரையாக மாறிவிடும் முன்னோட்டங்களை நிறையப் பார்க்கலாம். இரண்டும் ஒட்டாது. கதையிலிருந்தே ஆட்டம் பற்றிய கேள்வி பிறக்க வேண்டும்.

நம் கதை அகமதாபாத், கொல்கத்தா. அகமதாபாத்தில் நடந்தது என்ன? ரோஹித் போனதும் இந்தியா முடங்கியது. எனவே நாளைக்கான கேள்வி: ரோஹித் சீக்கிரம் அவுட் ஆனால் இந்தியா என்ன செய்யும்? இது வெறும் கவலையாக நிற்கக்கூடாது, துப்பு ஏதாவது இருக்கிறதா என்று முதல் படிக் குறிப்பில் தேடுங்கள். ஜூன் 9, நியூயார்க், பாகிஸ்தானுக்கு எதிராக ரோஹித்தும் கோலியும் சீக்கிரமே போனபோது அக்சர் படேலை 4ஆவது இடத்தில் இறக்கினார்கள். 18 பந்தில் 20. பெரிய ஸ்கோர் இல்லை என்பதால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் முடங்கிப் போகாமல் இருக்க இடதுகை ஆட்டக்காரர் ஒருவரை முன்னே அனுப்பும் திட்டம் அணியிடம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

தென்னாப்பிரிக்கப் பக்கம் கேள்வி வேறு. அரையிறுதியில் இங்கிலாந்தை உடைத்தது அக்சரும் குல்தீப்பும், ஆளுக்கு 3 விக்கெட். ஆனால் கிளாசனும் மில்லரும் சுழலை அடித்து நொறுக்குகிறவர்கள். நடு ஓவர்களில் இந்தச் சுழலுக்கு எதிராக இருவரும் நின்றுவிட்டால்? அதற்கு மேல், அந்த நிலையிலிருந்து ஆட்டத்தை முடிக்கும் பொறுப்பு. இந்தத் தொடரில் இதுவரை முடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய மேடையில், ஓவருக்கு 5 ரன்கூடக் கொடுக்காத பும்ராவுக்கு எதிராக முடிப்பார்களா?

இரண்டு கேள்வி, இரண்டு கட்டம். இதற்கு மேல் வேண்டாம். வாசகர் நாளை இரவு டிவி முன் உட்காரும்போது, ரோஹித் அவுட் ஆனதும் "அடுத்து யார் இறங்குகிறார்?" என்று பெவிலியனைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் முன்னோட்டம் வேலை செய்கிறது.

ஆடுகளம் பற்றிச் சொல்ல வேண்டியதும் இங்கேயே வந்துவிடும். இந்தியா ஜூன் 20 அன்று ஆப்கானிஸ்தானோடு இதே மைதானத்தில் ஆடியிருக்கிறது. தென்னாப்பிரிக்கா இந்தத் தொடரில் பிரிட்ஜ்டவுனில் ஆடவே இல்லை. இந்த ஒரு வரி, "பேட்டிங்குக்குச் சாதகமான ஆடுகளமாக இருக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்ற வரியைவிடப் பயனுள்ளது.

## 6. இப்போது எழுதுங்கள், இந்த வரிசையில்

முதல் பத்தி மூலக்கதை. இரண்டு மாதிரிகள் தருகிறேன்.

வழக்கமானது: "டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா, தென்னாப்பிரிக்கா அணிகள் நாளை பலப்பரீட்சை நடத்துகின்றன. இரு அணிகளும் இதுவரை 26 முறை மோதியுள்ளன. இதில் இந்தியா 14 போட்டிகளில் வெற்றி பெற்றுள்ளது."

நான் எழுதுவது: "கடந்த நவம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு அணிகளை ஆஸ்திரேலியா வெறுங்கையோடு அனுப்பியது. 16ஆம் தேதி கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்கா. 19ஆம் தேதி அகமதாபாத்தில் இந்தியா. நாளை பிரிட்ஜ்டவுனில் இவற்றில் ஒன்று கோப்பையைத் தூக்கும். மற்றது, அந்த வாரத்தோடு இன்னொரு நாளையும் சேர்த்துச் சுமக்கும்."

இரண்டாவதில் பெயரடை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதியும் இடமும்தான் எதிர்பார்ப்பைக் கூட்டுகின்றன.

இரண்டாவது பத்தியில் நேரம், இடம்: இந்திய நேரப்படி இரவு 8 மணி, கென்சிங்டன் ஓவல், மழை வந்தால் மறுநாள் மாற்று நாள். இதைக் கடைசியில் தள்ளுகிறவர்கள் உண்டு. முதல் பத்தியில் ஆர்வம் வந்ததும் வாசகருக்கு எழும் முதல் கேள்வி "எத்தனை மணிக்கு?" என்பதுதான், அதனால் அங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவதாக, அணிகள் வந்த வழி. முதல் படியின் குறிப்பு முழுவதையும் கொட்டாதீர்கள். நேபாளத்தின் கடைசிப் பந்தை மட்டும் நெருக்கமாகக் காட்டினால் தென்னாப்பிரிக்காவின் முழுத் தொடரும் புரிந்துவிடும். இந்தியாவுக்கு செயின்ட் லூசியாவில் ஆஸ்திரேலியாவை வீழ்த்திய ஆட்டம். ரோஹித் 41 பந்தில் 92. மூலக்கதையில் இருக்கும் அதே ஆஸ்திரேலியா என்பதால் தேடாமலே பொருந்துகிறது.

பிறகு டிராவிட், மார்க்ரம். அப்புறம் களக் கேள்விகள் இரண்டும். அந்த இரண்டாவது கேள்வியோடு நிறுத்திவிடுங்கள்.

ஆட்களைக் களத்துக்கு முன் வைப்பதற்குக் காரணம்: அக்சர் எந்த இடத்தில் இறங்குவார் என்பது, அந்த முடிவை எடுக்கும் பயிற்சியாளருக்கு அது கடைசி ஆட்டம் என்று தெரிந்த பிறகு படிக்கும்போது வேறு கனத்தோடு இருக்கும். வரிசையை மாற்றிப் பாருங்கள், அதே தகவல் பயிற்சி வகுப்புக் குறிப்பு மாதிரி ஆகிவிடும்.

## 7. கணிப்பு வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கட்சி. "60 சதவீதம் இந்தியா" என்று போட்டால் அந்த 60 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. மேலே சொன்ன சுழல் விஷயத்தையே பாருங்கள். "இந்தியச் சுழல் தென்னாப்பிரிக்காவை முடித்துவிடும்" என்று எழுதியிருந்தால் மறுநாள் தலை குனிய வேண்டியிருக்கும். கேள்வியாக எழுதியதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது நிற்கிறது.

ஆசிரியர் கட்டாயம் கேட்டால், யார் ஜெயிப்பார் என்பதற்குப் பதில் எந்தக் கட்டத்தில் ஆட்டம் கைமாறும் என்று சொல்லுங்கள்.

## 8. ஆட்டம் முடிந்ததும் முன்னோட்டத்தை எடுத்துப் படியுங்கள்

பலரும் இதைச் செய்வதில்லை. அடுத்த முன்னோட்டத்துக்கான சரக்கு இங்கேதான் கிடைக்கிறது.

ஜூன் 29 இரவில் நடந்தது: ரோஹித் 5 பந்தில் 9. ஐந்தாவது ஓவர் முடிவதற்குள் 34க்கு 3. இறங்கியவர் அக்சர். 31 பந்தில் 47, அதில் 4 சிக்ஸர். மறுமுனையில் கோலி நிதானமாக நின்று 59 பந்தில் 76. இந்தியா 176. முதல் கேள்விக்கு ஏறத்தாழ நேரடியான பதில். நியூயார்க்கின் அந்த 20 ரன் குறிப்பு வீண் போகவில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் சுவாரசியம். அக்சரும் குல்தீப்பும் சேர்ந்து 8 ஓவரில் 94 ரன் கொடுத்தார்கள், ஒரே விக்கெட். 15ஆவது ஓவரில் மட்டும் அக்சர் பந்தில் 24 ரன். கிளாசன் 27 பந்தில் 52. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 தேவை, கையில் 6 விக்கெட். அங்கிருந்து பும்ரா தன் மிச்ச இரண்டு ஓவரில் 6 ரன் கொடுத்தார், ஹர்திக் கிளாசனை வீழ்த்தினார், கடைசி ஓவரின் முதல் பந்தில் எல்லைக்கோட்டருகே சூர்யகுமார் மில்லரின் கேட்சைப் பிடித்தார். 7 ரன் வித்தியாசம்.

இப்படிச் சரிபார்க்கும்போது உங்கள் பத்திகளை மூன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆட்டத்தில் வந்தது, வராதது, வந்திருந்தும் நீங்கள் எழுதாமல் விட்டது. மூன்றாவது வகைதான் அதிகம் கற்றுத்தரும். இந்த ஆட்டத்தில் அது ஹர்திக். அகமதாபாத்தில் ஆட முடியாமல் போனவர் கடைசி ஓவரை வீசி முடித்தார். பெயர்க் குறிப்பில் "ஆடியவர்கள்" பட்டியலை மட்டும் பார்த்தால் அவர் கண்ணில் படமாட்டார். அதனால் "காயத்தால் ஆடாதவர்கள்" என்று ஒரு தனி வரியும் அந்தக் குறிப்பில் இருக்கட்டும்.

அப்புறம், தென்னாப்பிரிக்காவின் குறிப்பில் பழையதை அடித்துவிட்டுப் புது வரியைச் சேர்த்துவிடுங்கள்: "2024 ஜூன் 29, பிரிட்ஜ்டவுன், 30 பந்தில் 30", அதன் கீழே 11 பேரின் பெயர். அடுத்த ஆண்டு ஜூனில் லார்ட்ஸில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி வந்தபோது மார்க்ரம், ஸ்டப்ஸ், யான்சன், மகராஜ், ரபாடா என அந்தப் பட்டியலில் இருந்த 5 பேர் களமிறங்கினார்கள். எதிரணி, மறுபடியும் ஆஸ்திரேலியா. இலக்கு 282, மார்க்ரம் 136.